ஆலிவ் எண்ணெயின் கசப்பு அடுப்பில் என்ன ஆகிறது?

"குன்னூரில் இருக்கிறோம். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் வாங்கி தினமும் பொரியலுக்கு அதிலேயே தாளிக்கிறேன். சூடு பண்ணினால் அதிலுள்ள பாலிஃபீனால் எல்லாம் போய்விடும், எண்ணெயும் கெட்டதாக மாறிவிடும், சமையலுக்கு ரீஃபைண்ட் எண்ணெய்தான் சரி என்று நாத்தனார் சொல்கிறார். எது உண்மை?"

உங்கள் நாத்தனார் சொன்ன மூன்றில் முதலாவது பாதி சரி, மற்ற இரண்டும் சரியில்லை. சூட்டில் பாலிஃபீனால் குறையும், ஆனால் முழுக்கப் போக நீண்ட நேரமோ பலமுறைச் சூடோ வேண்டும். குறைவதாலேயே எண்ணெய் கெட்டதாகிவிடுவதில்லை. ரீஃபைண்ட் எண்ணெயில் இழப்பதற்கே பாலிஃபீனால் இல்லை. அது ஆலையிலேயே கழிந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் இப்போது செய்கிற முறையில் கொடுத்த காசுக்குப் பெரும்பகுதி பலன் தாளிப்பிலேயே போகிறது. அதை மாற்ற எண்ணெயை மாற்ற வேண்டாம், ஊற்றுகிற நேரத்தை மாற்றினால் போதும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இந்தப் பாலிஃபீனால் என்பது என்ன. ஆலிவ் காயில் ஓலியூரோபீன், லிக்ஸ்ட்ரோசைடு என்று கடுங்கசப்பான இரண்டு பொருள்கள் உண்டு. மரத்திலிருந்து பறித்த ஆலிவ் காயை அப்படியே வாயில் வைக்க முடியாததற்கு இவைதான் காரணம். காயை அரைக்கும்போது காயிலேயே உள்ள நொதிகள் இவற்றை உடைக்கின்றன. உடைந்த துண்டுகளில் ஒரு பகுதி எண்ணெயோடு வருகிறது. பாலிஃபீனால் என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். ஓலியூரோபீனிலிருந்து வருபவை ஹைட்ராக்ஸிடைரசால் குடும்பம். லிக்ஸ்ட்ரோசைடிலிருந்து வருபவை டைரசால் குடும்பம். தொண்டையில் காரமாகச் சுரீர் என்று பிடிக்கிற ஓலியோகாந்தால் இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த இரண்டு குடும்பங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுப்பில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

எக்ஸ்ட்ரா வர்ஜின் என்றால் காயை அரைத்து, பிசைந்து, சுழற்றிப் பிரித்தெடுத்த எண்ணெய். வேதிப்பொருள் எதுவும் சேர்ப்பதில்லை, பெரிய சூடும் காட்டுவதில்லை. நம் ஊர் மரச்செக்கு எண்ணெய் போலத்தான், காயின் சாறு என்றே சொல்லலாம். ஒரு கிலோ எண்ணெயில் 100 முதல் 300 மில்லிகிராம் வரை பாலிஃபீனால் இருப்பது சாதாரணம். கொராட்டினா, பிக்குவால், கொரனேக்கி போன்ற ரகங்களைக் காய் பச்சையாக இருக்கும்போதே பறித்து ஆட்டினால் 500-ஐயும் தாண்டும். அர்பெக்கினா ரகத்தில் பொதுவாகக் குறைவு. அதனால்தான் அது வாய்க்கு மென்மையாக இருக்கிறது.

ரீஃபைண்ட் ஆலிவ் எண்ணெயின் கதை வேறு. அதிகப் புளிப்போ வாடையோ உள்ள எண்ணெயைத்தான் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறார்கள். முதலில் காஸ்டிக் சோடா கரைசலைக் கலந்து, தனித்து நிற்கிற கொழுப்பு அமிலங்களைச் சோப்பாக்கிக் கழிக்கிறார்கள். பாலிஃபீனாலுக்கும் லேசான அமிலத் தன்மை உண்டு, தண்ணீரிலும் கரையும். அதனால் அந்தச் சோப்புத் தண்ணீரோடு அதுவும் வெளியே போகிறது. அடுத்து வெளுப்பு மண்ணில் கலந்து நிறத்தை இழுக்கிறார்கள். கடைசியாக வெற்றிடத்தில் 180 டிகிரிக்கு மேல், பல ஆலைகளில் 200-ஐயும் தாண்டிய சூட்டில் நீராவியை உள்ளே விட்டு வாடையைப் போக்குகிறார்கள். இந்த மூன்று படியும் தாண்டி வரும் எண்ணெய் வெளிறி, மணமில்லாமல், ருசியில்லாமல் இருக்கும். வீட்டில் சூடு பண்ணினால் கெட்டுவிடும் என்று பயந்து ரீஃபைண்டுக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்: உங்கள் வாணலி காட்டுகிற சூட்டை அந்த எண்ணெய் பாட்டிலுக்கு வருவதற்கு முன்பே பார்த்துவிட்டது.

இந்த வேறுபாடு உடம்பில் ஏதாவது செய்கிறதா என்ற கேள்விக்கு, 2006-ல் வெளியான யூரோலிவ் ஆய்வு நேரடியான பதில் தருகிறது. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 200 ஆரோக்கியமான ஆண்களுக்கு மூன்று விதமான ஆலிவ் எண்ணெயைக் கொடுத்தார்கள். மூன்றும் கொழுப்பு அமிலத்தில் ஏறத்தாழ ஒன்றே. பாலிஃபீனால் மட்டும் கிலோவுக்கு 2.7, 164, 366 மில்லிகிராம் என்று வேறுபட்டது. முதலாவது ரீஃபைண்ட். தினம் 25 மில்லிலிட்டர் சமைக்காமல், ஒவ்வொன்றும் மூன்று வாரம். பாலிஃபீனால் கூடக் கூட, எல்.டி.எல். கொழுப்பு ஆக்சிஜனால் சிதைவது குறைந்தது, நல்ல கொழுப்பான எச்.டி.எல். சிறிதளவு ஏறியது. ஏற்றம் சிறியதுதான், மாத்திரைக்கு மாற்றாக இதை நினைத்துவிடக் கூடாது. ஆனால் ஆலிவ் எண்ணெயின் நன்மை முழுதும் அதன் கொழுப்பில்தான் இருக்கிறது, அதனால் எந்த ஆலிவ் எண்ணெயும் ஒன்றுதான் என்று சொல்வதற்கு இதன்பின் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல், 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்ஸிடைரசாலும் அதன் உறவுப் பொருள்களுமாகக் குறைந்தது 5 மில்லிகிராம் இருந்தால் மட்டுமே, இரத்தக் கொழுப்பை ஆக்சிஜன் சிதைவிலிருந்து காக்க உதவும் என்று லேபிளில் போட அனுமதித்தது. கிலோவுக்குக் கணக்கிட்டால் 250 மில்லிகிராம். அந்த 5 மில்லிகிராம் அளவைக் கீழே பயன்படுத்தப் போகிறோம்.

இனி அடுப்பு. ஸ்பெயினில் 2003-ல் வெளியான ஒரு வறுவல் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வர்ஜின் ஆலிவ் எண்ணெயை 180 டிகிரியில், தடவைக்குப் பத்து நிமிடம் என்று திரும்பத் திரும்ப வறுவலுக்குப் பயன்படுத்தினார்கள். முதல் வறுவல் முடிந்ததுமே ஹைட்ராக்ஸிடைரசால் குடும்பம் பாதியளவுக்கு வந்துவிட்டது. ஆறாவது வறுவலுக்குப் பின் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் டைரசால் குடும்பம் பன்னிரண்டு வறுவலுக்கும் பெருமளவு தாக்குப்பிடித்தது. காரணம் அவற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. ஹைட்ராக்ஸிடைரசாலின் வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்ஸில் கைகள். அவை எண்ணெயில் உண்டாகிற தீவிர மூலக்கூறுகளுக்குச் சட்டென்று ஹைட்ரஜனைக் கொடுத்து அடக்கிவிடும், கொடுத்த கையோடு தானும் வேறொன்றாக மாறிவிடும். டைரசாலுக்கு ஒரு கைதான். அதனால் அவ்வளவு சுறுசுறுப்பாகக் காப்பதும் இல்லை, அவ்வளவு சீக்கிரம் தீர்வதும் இல்லை.

இதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பாலிஃபீனால் சூட்டில் ஆவியாகிப் போவதாக நினைக்கிறார்கள். குறைவதில் பெரும்பகுதி, அது எண்ணெயையும் அதிலுள்ள வைட்டமின் ஈ-யையும் காத்துக்கொண்டே செலவாவதுதான். வெயிலில் நிற்கிற குடை வெளுத்துப் போவது மாதிரி. உங்கள் வயிற்றுக்குப் போக வேண்டியது கொஞ்சம் எண்ணெய்க்கே போய்விடுகிறது, ஆனால் வீணாகவில்லை.

வறுவலைவிட நமக்கு நெருக்கமானது வதக்கல். பார்சலோனா பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வாணலியில் வதக்குவதுபோல எண்ணெயைச் சூடாக்கிப் பார்த்தார்கள். 120 டிகிரியில் மொத்தப் பாலிஃபீனாலில் சுமார் 40 சதவீதம் குறைந்தது, 170 டிகிரியில் சுமார் 75 சதவீதம். நேரத்தைவிடச் சூட்டின் அளவுதான் அதிகம் தீர்மானித்தது. வீட்டில் சமைப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி இந்த விஷயத்தில் கிடையாது என்பேன்: பத்து நிமிடமா பதினைந்து நிமிடமா என்று கவலைப்படுவதைவிட, வாணலி எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

"கெட்டதாக மாறிவிடும்" என்ற பயத்துக்கு வருகிறேன். எண்ணெய் சூட்டில் சிதையும்போது ஆல்டிஹைடு வகைப் பொருள்கள் உண்டாகின்றன. தவிர்க்க வேண்டியவை இவைதான். இவை முக்கியமாகப் பிறப்பது லினோலிக் போன்ற பன்னிறைவுறாக் கொழுப்பிலிருந்து. ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஓலிக் அமிலம். லினோலிக்கோடு ஒப்பிட்டால் ஓலிக் சுமார் பத்து மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜனோடு சேரும். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக். ஆகவே ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் 225 டிகிரி வரை புகையாமல் இருக்கிறது என்பதால் அது சூட்டுக்குப் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. எண்ணெய் எப்போது புகையும் என்பதைத் தீர்மானிப்பது அதில் தனித்து நிற்கிற கொழுப்பு அமிலமும் ஆவியாகும் சிறு பொருள்களும். சுத்திகரிப்பில் இவற்றை எடுத்துவிடுவதால் புகை தாமதமாக வருகிறது. சிதைவு புகைக்காகக் காத்திருப்பதில்லை, புகை வராமலே நடக்கும். நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் 190 முதல் 210 டிகிரியில் புகையத் தொடங்கும். பொரியலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. போய்விட்டால், அதாவது வாணலியில் நீலப்புகை எழுந்துவிட்டால், எந்த எண்ணெயாக இருந்தாலும் கீழே கொட்டிவிட்டுத் துடைத்து மறுபடி தொடங்குங்கள்.

இப்போது நீங்கள் மலையில் இருப்பதைக் கணக்கில் எடுப்போம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் கொதிப்பது 94 டிகிரி அளவில். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 93 அளவில். வாணலியில் காயும் ஈரமும் இருக்கும்வரை, அந்தக் காயோடு ஒட்டிய எண்ணெய் கொதிக்கிற தண்ணீரின் சூட்டை ஒட்டியே நிற்கும். சத்தம் கேட்டே இதைத் தெரிந்துகொள்ளலாம். காய் சலசலவென்று பேசிக்கொண்டிருந்தால் தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தச் சத்தம் அடங்கி, வாணலியின் அடியில் காய் பிடிக்கத் தொடங்கினால் எண்ணெயின் சூடு விறுவிறுவென ஏறுகிறது. ஆனால் வெறும் வாணலியில் ஊற்றிய வெறும் எண்ணெய்க்கு இந்த உச்சவரம்பு எங்கேயும் இல்லை. மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதால் எண்ணெயும் குறைந்த சூட்டிலேயே நின்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயை இரும்பு வாணலியில் ஊற்றிப் பெரிய தீயில் விட்டுவிட்டு வெங்காயம் நறுக்கத் திரும்பினால், திரும்பி வருவதற்குள் 170-ஐத் தாண்டியிருக்கும். எண்ணெய் குறைவாக, பரந்து கிடக்கும்போது காற்று படும் பரப்பும் அதிகம், சூடேறுவதும் வேகம்.

ஆகவே நம் சமையலில் பாலிஃபீனாலைத் தின்பது பொரியல் வேகிற பத்து நிமிடம் அல்ல, அதற்கு முந்தைய ஒரு நிமிடத் தாளிப்பு. கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்து, மிளகாய் வற்றல் கருக்கும் கட்டம்தான் அந்த எண்ணெய் அன்று பார்க்கிற உச்ச சூடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு பேருக்கு அரைக் கிலோ கேரட் பொரியல். எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, 30 மில்லிலிட்டர், எடையில் சுமார் 27 கிராம். பாட்டிலில் உள்ளது கிலோவுக்கு 350 மில்லிகிராம் உள்ள நல்ல எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். ஊற்றும்போது அதில் 9.5 மில்லிகிராம் பாலிஃபீனால் இருக்கும்.

இப்போது நீங்கள் செய்கிறபடி முழுதையும் தாளிப்புக்கே ஊற்றினால், 170 டிகிரிக் கணக்கை எடுத்துக்கொண்டால், மிஞ்சுவது 2.4 மில்லிகிராம். தலைக்கு 0.6. தாளிப்பே இல்லாமல் சிறு தீயில் 120 டிகிரியைத் தாண்டவிடாமல் வதக்கினால் 5.7 மிஞ்சும், தலைக்கு 1.4. மூன்றாவது வழி: தாளிப்புக்கு 10 மில்லிலிட்டர் வேறு எண்ணெய், அடுப்பை அணைத்தபின் 20 மில்லிலிட்டர் ஆலிவ் எண்ணெய். 20 மில்லிலிட்டர் என்பது 18 கிராமுக்குச் சற்று அதிகம், அதில் 6.4 மில்லிகிராம். சூடான காயில் கலப்பதால் சிறிது குறைந்தாலும் தலைக்கு ஒன்றரைக்குப் பக்கத்தில் நிற்கும். மூன்றில் ஒரு பங்கு ஆலிவ் எண்ணெயை மிச்சப்படுத்தியும், முதல் வழியைவிட இரண்டரை மடங்கு கிடைக்கிறது. ஆய்வுக்கூடத்துச் சதவீதத்தை வீட்டு வாணலிக்குக் கொண்டுவந்த கணக்கு இது. உங்கள் தீ, பாத்திரம், காயின் ஈரம் எல்லாம் இதைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் நகர்த்தும், வரிசை மாறாது.

தாளிப்புக்கு எந்த எண்ணெய் என்றால், செக்கு நல்லெண்ணெய். இதற்குச் சரியான காரணம் உண்டு. எள்ளில் செசமோலின் என்ற பொருள் இருக்கிறது. சூட்டில் அது உடைந்து செசமால் என்ற வலுவான ஆக்சிஜன் எதிர்ப்பொருளைத் தருகிறது. ஆலிவ் சூட்டில் தன் காப்பைச் செலவழிக்கிறது, எள் சூட்டில்தான் தன் காப்பை எடுத்துக் கொடுக்கிறது. இரண்டையும் அதனதன் இடத்தில் வைப்பது நல்லது. நல்லெண்ணெய் மணம் பிடிக்காதவர்கள் கடலை எண்ணெயை வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை இப்படி. நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, நறுக்கிய கேரட்டைப் போடுங்கள். உப்பு போட்டு மூன்று நான்கு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, சிறு தீயில் பத்து நிமிடம். கீழே சமவெளியில் எடுக்கிற நேரத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடவே ஆகும், தண்ணீர் 94-லேயே கொதிப்பதால். வெந்ததும் மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரை வற்றவிட்டு, தேங்காய்த் துருவலைத் தூவிக் கிளறி, அடுப்பை அணையுங்கள். சலசலப்பு முழுதாக நின்றபின், ஓரிரு நிமிடம் கழித்து ஆலிவ் எண்ணெயைச் சுற்றிலும் ஊற்றிப் புரட்டுங்கள். எண்ணெய் பட்டதும் பச்சைப் புல்லை நசுக்கியது போல ஒரு மணம் எழ வேண்டும். சத்தம் கேட்டால் வாணலி இன்னும் சூடாக இருக்கிறது, பொறுத்து ஊற்றியிருக்கலாம் என்று பொருள். கேரட், பீட்ரூட், கோஸ், பீன்ஸ் எதற்கும் இது பொருந்தும். உருளைக்கிழங்கை வேகவைத்து உடைத்துச் சூட்டோடு சூடாக ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசைந்தால், எண்ணெயின் கசப்பை மாவு அடக்கிவிடும், பிள்ளைகளும் சாப்பிடுவார்கள்.

ஆலிவ் எண்ணெயிலேயே வதக்கத்தான் வேண்டும் என்றால் தீயைக் காட்டிக்கொடுக்கப் பூண்டைவிட நல்ல கருவி இல்லை. மலைப்பூண்டை மெல்லியதாகச் சீவி, காயாத எண்ணெயிலேயே போட்டுச் சிறு தீயில் வையுங்கள். பூண்டின் ஓரத்தில் ஊசிமுனை போலக் குமிழ்கள் வந்துகொண்டு, பூண்டு வெள்ளையாகவே இருக்கும்வரை அதன் ஈரம் எண்ணெயை அடக்கி வைத்திருக்கிறது. ஓரம் பழுப்பேறியதும் எண்ணெய் வேறு கட்டத்துக்குப் போய்விட்டது, அந்த நொடியில் காயைப் போட்டுவிடுங்கள். காயின் தண்ணீர் சூட்டை இறக்கிவிடும்.

குக்கரில் சூப்போ பருப்போ வைக்கும்போது ஆலிவ் எண்ணெய் விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நடப்பது வேறு. வெயிட் போட்ட குக்கர் குன்னூரில் 118 டிகிரி அளவுக்குத்தான் போகும், ஆகவே சூட்டால் பெரிய சேதம் இல்லை. ஆனால் தண்ணீரும் சூடும் சேர்ந்து, ஓலியூரோபீன், லிக்ஸ்ட்ரோசைடு வழி வந்த பொருள்களை உடைக்கும்; உடைந்த ஹைட்ராக்ஸிடைரசாலும் டைரசாலும் எண்ணெயை விட்டுத் தண்ணீருக்குள் போய்விடும். சாம்பாராகவோ சூப்பாகவோ அந்தத் தண்ணீரைக் குடித்தால் அவையும் உள்ளே போகின்றன. வேகவைத்து வடித்துவிட்டால் சிங்க்கில் போகின்றன. அதனால் வடிக்கிற எதற்கும் முன்கூட்டி ஆலிவ் எண்ணெய் விடாதீர்கள், பாஸ்தா உட்பட.

வடை, பஜ்ஜிக்கு எக்ஸ்ட்ரா வர்ஜின் வேண்டாம். அதில் ஆபத்து எதுவும் இல்லை, மேலே சொன்ன ஆறு வறுவல் கணக்குதான் காரணம். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அந்தச் சட்டியில் இருப்பது விலை அதிகமான சாதா எண்ணெய். கடலை எண்ணெய் போதும். அதையும் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். வறுத்த எண்ணெயில் சிதைவுப் பொருள்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018 ஜூலையிலிருந்து விதித்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது. எண்ணெய் கருத்து, ஊற்றும்போது பிசுபிசுவென்று இழுத்து, வடை போட்டதும் நுரை அடங்காமல் ஏறினால் அதற்குமேல் வேண்டாம்.

ஒரு கசப்பான கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய அளவான 5 மில்லிகிராம், கிலோவுக்கு 350 உள்ள எண்ணெயில் ஒருவருக்கு தினம் ஒரு மேசைக்கரண்டி, அதுவும் சூடு படாமல். அந்த 350 முழுதும் ஹைட்ராக்ஸிடைரசால் வழியில் கணக்கிட்டதாக இருந்தால்தான் இதுவும். நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு 60 மில்லிலிட்டர். அரை லிட்டர் பாட்டில் எட்டு நாளில் தீர்ந்துவிடும். மாதத்துக்கு நான்கு பாட்டில் வாங்க முடியாத வீட்டில், தேவைப்படுகிறவருக்கு மட்டும் சோற்றிலோ சப்பாத்தியிலோ ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்து, மற்றவர்களுக்குச் செக்கு எண்ணெயில் சமைப்பதுதான் நியாயமான வழி. எல்லோர் பொரியலிலும் இரண்டு சொட்டு விட்டு எல்லோருக்கும் பாலிஃபீனால் கிடைக்கிறது என்று நினைப்பதில் பயன் இல்லை.

இவ்வளவும் பாட்டிலில் உள்ளது நல்ல எண்ணெயாக இருந்தால்தான். கடையில் 'ப்யூர்', 'லைட்', 'எக்ஸ்ட்ரா லைட்' என்று இருப்பவை ரீஃபைண்ட் ஆலிவ் எண்ணெயில் கொஞ்சம் வர்ஜினைக் கலந்தவை. 'லைட்' என்பது நிறத்தையும் ருசியையும் குறிக்கிறது, கொழுப்பு குறைவு என்பதல்ல. 'போமஸ்' என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் ஊற்றி எடுத்துச் சுத்திகரித்தது. எக்ஸ்ட்ரா வர்ஜினுக்கு அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் ரீஃபைண்ட் எண்ணெயின் அமிலத்தன்மை 0.3-க்கும் கீழே இருக்கும் என்பதால், அந்த அளவை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லேபிளில் அறுவடை மாதம் போட்டிருந்தால் அதுதான் பெரிய தகவல். மூடிய பாட்டிலிலும் பாலிஃபீனால் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வரும். ஒன்றரை வருடம் பழைய எண்ணெயை வாங்கிக் கவனமாகச் சமைப்பதில் அர்த்தம் இல்லை.

வாங்கியதை வாயாலேயே சோதிக்கலாம். ருசிபார்க்கும் வல்லுநர்கள் எண்ணெயை 28 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கித்தான் பார்ப்பார்கள். குன்னூர்க் குளிரில் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் எந்த எண்ணெயும் ஊமையாகத்தான் இருக்கும். ஒரு சின்னத் தம்ளரில் ஒரு மேசைக்கரண்டி விட்டு, ஒரு உள்ளங்கையில் ஏந்தி, மறு கையால் தம்ளரின் வாயை மூடி மூன்று நான்கு நிமிடம் வைத்திருங்கள். பிறகு முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, பல்லிடுக்கு வழியே காற்றை உறிஞ்சி விழுங்குங்கள். நாக்கின் இரு பக்கமும் கசக்க வேண்டும். விழுங்கிச் சில நொடி கழித்துத் தொண்டைக்குள் மிளகு கடித்த மாதிரி ஒரு பிடிப்பு வந்து, சிலருக்கு இருமலே வரும். அதுதான் ஓலியோகாந்தால். இந்தப் பிடிப்பு இபுப்ரூஃபன் கரைசல் தொண்டையில் தரும் பிடிப்பைப் போலவே இருப்பதைக் கவனித்துத்தான், 2005-ல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கேரி போஷாம்ப் குழுவினர் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். கசப்பும் காரமும் இல்லாமல் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனால் அது மோசமான எண்ணெய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாலிஃபீனாலுக்காக வாங்கியவருக்கு அது ஏமாற்றம். பழைய நிலக்கடலை வாடையோ மெழுகு வாடையோ வந்தால் சிக்கடித்துவிட்டது, அதைச் சமையலுக்கும் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதே ருசிச் சோதனையை நீங்கள் தாளித்த எண்ணெயிலும் செய்து பார்க்கலாம். கொஞ்சம் எண்ணெயைத் தனியாகத் தாளிப்புச் சூட்டுக்குக் கொண்டுபோய், ஆறவைத்துக் குடித்துப் பாருங்கள். கசப்பு பெரிதும் மங்கியிருக்கும், தொண்டைக் காரம் ஓரளவு நிற்கும். ஓலியோகாந்தால் டைரசால் குடும்பம் என்று முதலில் சொன்னது இங்கே நாக்கிலேயே தெரியும். அதை 240 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்து 2009-ல் பார்த்தபோதும், அளவில் அதிகபட்சம் 19 சதவீதம்தான் குறைந்தது. தொண்டைக் காரத்தை வைத்து மதிப்பிட்ட வீரியம் 31 சதவீதம் வரை குறைந்தது.

பாட்டிலை வைக்கிற இடம் பற்றிக் கடைசியாக. வெளிச்சமும் சூடும் காற்றும் மூன்றும் எதிரி. ஜன்னல் ஓரமும் அடுப்புப் பக்கத்து அலமாரியும் வேண்டாம். ஃப்ரிட்ஜின் தலையும் வேண்டாம், அங்கே எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பெரிய டின் வாங்கினால் கருநிறச் சின்ன பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி மூடி வைத்து, ஒவ்வொன்றாகத் திறங்கள். திறந்ததை ஒன்றரை மாதத்துக்குள் முடியுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் ஊர்க் குளிர் உங்களுக்குச் சாதகம், மதுரையில் இருப்பவரின் பாட்டிலைவிட உங்கள் பாட்டில் மெதுவாகத்தான் வயதாகும். டிசம்பர், ஜனவரிக் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் குருணை குருணையாக உறைந்து நின்றால் பயப்பட வேண்டாம், பத்து டிகிரிக்குக் கீழே அது இயல்பு. பாலிஃபீனாலுக்கு ஒன்றும் ஆகாது. உறைவதை வைத்துச் சுத்தமான எண்ணெய் என்று முடிவு கட்டவும் வேண்டாம், ரீஃபைண்ட் ஆலிவும் உறையும். தேங்காய் எண்ணெயைப் போலத் தணலுக்குப் பக்கத்தில் வைத்து உருக்காமல், கை பொறுக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலைக் கால்மணி நேரம் நிறுத்தி வையுங்கள். முழுதும் தெளிந்தபின் ஊற்றுங்கள்.